சண்டையில் இருக்கும் இரு கூட்டாளிகளுக்கு ஒரே மின்னஞ்சல்: பேச அழைக்கும்போது என்ன எழுதுவது, எதை எழுதாமல் விடுவது?

மூன்றாம் பங்காளி | ஜூன் 3, இரவு 9.40

எங்கள் நிறுவனத்தில் கூட்டாளிகள் மூவர். இருவருக்குத் தலா 45 விழுக்காடு, எனக்கு 10 விழுக்காடு. பொருள்களை அடைத்து விற்பதற்கான அட்டைப்பெட்டிகளை வடிவமைத்து அச்சிட்டுத் தருகிறோம். ஒருவர் விற்பனையையும் வாடிக்கையாளர்களையும் பார்க்கிறார், மற்றவர் வடிவமைப்பையும் அச்சுக்கூடத்தையும் பார்க்கிறார், நான் கொள்முதலையும் வரவு செலவையும் பார்க்கிறேன்.

சென்ற மாதம் 12,000 பெட்டிகள் பழைய வாசகத்துடன் அச்சாகித் திரும்பி வந்துவிட்டன. வாடிக்கையாளர் முதலில் ஒரு புரூஃபுக்கு ஒப்புதல் தந்திருந்தார். அதன் பிறகு உட்பொருள் பட்டியலில் ஒரு வரியை மாற்றச் சொல்லி விற்பனைக் கூட்டாளிக்கு அஞ்சல் அனுப்பினார். அவர் அதை நேராக வடிவமைப்பாளருக்கு அனுப்பினார், வடிவமைப்பாளரும் கோப்பைத் திருத்தி வைத்தார். ஆனால் ஒப்புதல் பெற்ற முதல் கோப்பிலிருந்து அதற்குள் அச்சிடுவதற்கான பிளேட் எடுக்கப்பட்டுவிட்டது. திருத்தத்தைத் தெரிவித்ததோடு தன் வேலை முடிந்தது என்கிறார் விற்பனைக் கூட்டாளி. கையில் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இருக்கும்போது, வேறொருவருக்குப் போன ஓர் அஞ்சலுக்காகத் தான் எப்படி இயந்திரத்தை நிறுத்தியிருக்க முடியும் என்று கேட்கிறார் அச்சுக்கூடக் கூட்டாளி.

இருவரும் இப்போது நேரில் பேசுவதில்லை. ஒருவருடைய அஞ்சலை வரிவரியாகப் பிரித்து மற்றவர் பதில் எழுதுகிறார், ஒவ்வொன்றிலும் எனக்கும் நகல் வருகிறது. தினசரி வேலைக்கான செய்திகள்கூட என் வழியாகத்தான் போகின்றன. ஓர் அழைப்பில் மூவரும் பேசி, யாருக்கு எது பொறுப்பு என்று முடிவு செய்ய வேண்டும் என்று நினைத்து இந்த அஞ்சலை எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா?

> இருவருக்கும் வணக்கம். கடந்த சில வாரங்களாக நடந்துவரும் கடிதப் போக்குவரத்து நம் நிறுவனத்துக்கு நல்லதல்ல. என்னைக் கேட்டால் இருவர் பக்கமும் தவறு இருக்கிறது. திருத்தம் உரிய முறையில் அச்சுக்கூடத்துக்குப் போகவில்லை. அச்சுக்கூடமும் கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்க்கவில்லை. நடந்ததை மறந்துவிட்டு, விரைவில் ஓர் அழைப்பில் மனம்விட்டுப் பேசித் தீர்த்துக்கொள்வோம். உங்களுக்கு எப்போது வசதி என்று தெரிவியுங்கள்.

பேரேடு | ஜூன் 3, இரவு 10.25

நான் தணிக்கைத் துறையில் இருப்பவன். அழைப்பும் வேண்டாம், அஞ்சலும் வேண்டாம். கூட்டாண்மை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். யாருக்கு எந்தப் பொறுப்பு என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பிரிவை நகலெடுத்து இருவருக்கும் அனுப்பிவிட்டால் விவாதம் அங்கேயே முடிந்துவிடும். எழுதிக் கையெழுத்திட்ட ஒன்றை மீண்டும் பேசத் தொடங்கினால் இருவருமே புதிதாகப் பேரம் பேசுவார்கள்.

மூன்றாம் பங்காளி | ஜூன் 3, இரவு 10.50

பார்த்துவிட்டேன். "முதலாமவர் விற்பனையையும் இரண்டாமவர் உற்பத்தியையும் கவனித்துக்கொள்வர்" என்ற ஒரு வரியைத் தவிர வேறு எதுவும் இல்லை. முதலீடு, இலாபப் பங்கு, வங்கிக் கையெழுத்து ஆகியவற்றுக்குத்தான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். ஒப்புதல் தந்த பிறகு வரும் திருத்தம் விற்பனையா, உற்பத்தியா என்பதுதான் இப்போது சண்டையே. அந்த வரியை அனுப்பினால் இருவரும் அதையே தத்தம் பக்கச் சான்றாகக் காட்டுவார்கள்.

சமரசம் | ஜூன் 4, காலை 7.15

வணிகத் தகராறுகளில் இரு தரப்புக்கும் நடுவே அமர்ந்து பேசவைப்பது என் தொழில். ஒப்பந்தத்தைப் பார்க்கச் சொன்ன நண்பர் சொல்வது பாதி சரி, அந்தப் பாதியைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். முதலில் உங்கள் அஞ்சல்.

ஒரு வாசகத்தைச் சுட்ட வேண்டும். "இருவர் பக்கமும் தவறு இருக்கிறது" என்று நடுநிலையாக இருப்பதற்காகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதைப் படிக்கும் இருவருமே அதில் தன்னைப் பற்றிய பாதியை மட்டும்தான் படிப்பார்கள். விற்பனைக் கூட்டாளிக்கு, திருத்தம் உரிய முறையில் போகவில்லை என்ற குற்றச்சாட்டு மட்டுமே கண்ணில் படும். அச்சுக்கூடக் கூட்டாளிக்கு, கேட்டுப் பார்க்கவில்லை என்பது மட்டுமே படும். அழைப்பதற்காக எழுதிய கடிதம் தீர்ப்பாக மாறிவிடும். தீர்ப்பு வந்த பிறகு யாரும் பேச வரமாட்டார்கள், மேல்முறையீடு செய்யத்தான் வருவார்கள்.

"நடந்ததை மறந்துவிட்டு" என்பதும் அப்படித்தான். 12,000 பெட்டிகளின் இழப்பு எந்தக் கணக்கில் போய் விழும் என்று தெரியாமல் இருப்பவரிடம் மறக்கச் சொன்னால், அந்த இழப்பை நீயே ஏற்றுக்கொள் என்று சொல்வதாகவே அவர் எடுத்துக்கொள்வார்.

உண்மையில் உங்கள் தகராறுக்குள் மூன்று கேள்விகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. அன்று என்ன நடந்தது என்பது ஒன்று, இழப்பை யார் தாங்குவது என்பது இன்னொன்று, அடுத்த ஆர்டரிலிருந்து எந்த வேலை யாருடையது என்பது மூன்றாவது. முதல் இரண்டும் பின்னோக்கிப் பார்ப்பவை, அவற்றில் ஒருவர் ஜெயித்தால் மற்றவர் தோற்றாக வேண்டும். மூன்றாவதில் அந்த நெருக்கடி இல்லை. அது காத்திருக்கவும் முடியாது, ஏனென்றால் இதே பிழை அடுத்த ஆர்டரிலும் நேரலாம். உங்கள் அஞ்சல் மூன்றாவது கேள்விக்கு மட்டும் அழைக்கட்டும். மற்ற இரண்டையும் இந்த அஞ்சலில் தொடாதீர்கள்.

"எப்போது வசதி" என்று பொதுவாகக் கேட்பதையும் தவிர்க்கவும். கோபத்தில் இருப்பவர் பதில் எழுதாமலே அந்தக் கேள்வியைக் கடந்துவிடுவார், அவருடைய மௌனமே அழைப்பை நிறுத்திவிடும். இரண்டு நேரங்களைக் குறிப்பிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

விலகியவர் | ஜூன் 4, பகல் 1.30

நானும் இதே நிலையில் இருந்தவன் என்பதால் எழுதுகிறேன். நிறுவனத்தைக் கலைப்பது என்று முடிவு செய்துவிட்டால், சரக்கையும் இயந்திரங்களையும் மதிப்பிடும் வேலையை முதலில் வெளியாள் ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். எங்கள் கூட்டாண்மை முறிந்தபோது நாங்கள் அதைச் செய்யவில்லை. கடைசி வரை இயந்திரத்தின் விலையில்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம்.

எங்களுக்கும் மூன்றாம் கூட்டாளி ஒருவர் இருந்தார், அவரும் இப்படி ஓர் அஞ்சல் எழுதித்தான் அழைத்தார். அதில் என் கூட்டாளியை "அண்ணா" என்றும் என்னை "சார்" என்றும் விளித்திருந்தார். நாள்தோறும் அப்படித்தான் அவர் எங்களைக் கூப்பிடுவார், அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்பது இன்று தெரிகிறது. ஆனால் அந்த வேளையில் அதைப் படித்தவுடன், இவர்கள் இருவரும் ஏற்கெனவே பேசி முடித்துவிட்டார்கள், என்னைச் சம்பிரதாயத்துக்குத்தான் அழைக்கிறார்கள் என்று முடிவு செய்துவிட்டேன். அழைப்பில் கலந்துகொண்டேன். ஆனால் ஒரு வார்த்தைகூட விட்டுக்கொடுக்கவில்லை.

மூன்றாம் பங்காளி | ஜூன் 4, மாலை 6.05

விலகியவர் ஐயாவுக்கு நன்றி. கலைப்பது எங்கள் நோக்கமல்ல, சேர்ந்து தொடர்வதற்காகத்தான் இந்த அழைப்பு. இருந்தாலும் நீங்கள் சொன்ன அந்த விளிப்பு என்னை வெகுநேரம் யோசிக்க வைத்துவிட்டது. விற்பனைக் கூட்டாளி எனக்கு உறவினர், அவரை நான் அண்ணன் என்றுதான் அழைப்பேன். அச்சுக்கூடக் கூட்டாளி என்னைவிட மிக மூத்தவர், அவரை ஐயா என்பேன். இரண்டுமே மரியாதைதான் என்றாலும் இரண்டும் ஒரே தூரத்தில் இல்லை. அஞ்சலில் இருவரையும் பெயருடன் "அவர்கள்" சேர்த்தே எழுதப் போகிறேன். வழக்கத்துக்கு மாறாக இருப்பதால் அண்ணனுக்கு அது உறுத்தலாம், ஆகவே முன்னதாகவே அவரிடம் சொல்லிவிடுவேன்.

இதுபோல வேறு எவை பார்க்க வேண்டியவை?

சமரசம் | ஜூன் 4, இரவு 8.20

முன்னதாகச் சொல்வதென்றால் இருவரிடமும் சொல்ல வேண்டும். அஞ்சல் அனுப்புவதற்கு முன் இருவரையும் தனித்தனியே தொலைபேசியில் அழையுங்கள். ஒரே நாளில், ஏறத்தாழ ஒரே அளவு நேரம். "உங்களிடம் பேசியதைப் போலவே அவரிடமும் பேசுகிறேன், அஞ்சலில் என்ன இருக்கும் என்பதை இருவரிடமும் ஒரே மாதிரிதான் சொல்கிறேன்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். தனித்தனியே பேசுவது குற்றமல்ல, மற்றவருக்குத் தெரியாமல் பேசியது பின்னால் தெரிய வருவதுதான் நம்பிக்கையைக் கெடுக்கும். அந்தப் பேச்சில் யாராவது தன் நியாயத்தை விளக்கத் தொடங்கினால் கேளுங்கள், ஆனால் ஆமாம் போடாதீர்கள். நீங்கள் தலையாட்டியதை அவர் அழைப்பில் சான்றாகச் சொல்வார்.

அஞ்சலில் இருவருமே பெறுநர் வரிசையில் இருக்க வேண்டும். ஒருவரைப் பெறுநராகவும் மற்றவரை நகல் பெறுபவராகவும் வைத்தால், நகல் பெறுபவர் தன்னைப் பார்வையாளராக நினைத்துக்கொள்வார். பெயர்களை அகர வரிசையில் வையுங்கள். முன்பு வந்த அஞ்சல் ஒன்றுக்குப் பதிலாக அனுப்பாமல் புதிய அஞ்சலாகத் தொடங்குங்கள், இல்லையென்றால் பழைய வசைகள் எல்லாம் கீழே தொங்கிக்கொண்டு வரும். தலைப்பில் "தகராறு", "பிரச்சினை", "பெட்டிகள்" எதுவும் வேண்டாம். "ஆர்டர் படிகளில் பொறுப்புப் பிரிவு: மூவரும் பேச ஓர் அழைப்பு" என்பதே போதும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த அஞ்சலுக்கு என்ன பதில் வேண்டும் என்பதை அஞ்சலிலேயே எழுதிவிடுங்கள். நேரத்தை மட்டும் கேட்டால் நேரம் மட்டும் வர வாய்ப்புண்டு. எதையும் கேட்காவிட்டால் இருவரும் தத்தம் வாதத்தை எழுதி அனுப்புவார்கள்.

இன்னொன்று, இணைப்பாக ஒரு தாள். ஆர்டர் வந்ததிலிருந்து சரக்கு போய்ச் சேரும் வரையுள்ள படிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எதிரே வெற்றிடம் விடுங்கள். இன்றைய நடைமுறையில் எந்தப் படிக்கு யார் பொறுப்பு என்று தாம் நினைக்கிறாரோ அந்தப் பெயரை ஒவ்வொருவரும் தனியே நிரப்பி உங்களுக்கு மட்டும் அனுப்பட்டும். யார் பொறுப்பாக இருந்திருக்க வேண்டும் என்று கேட்காதீர்கள், இன்று யார் என்று மட்டும் கேளுங்கள். இரண்டு தாள்களையும் ஒன்றாக்கி அழைப்பில் திரையில் காட்டுங்கள். நான் பார்த்தவரையில் பெரும்பாலான படிகளில் இருவரும் ஒரே பெயரைத்தான் எழுதுவார்கள், சண்டையில் இருப்பவர்களுக்கு அதுவே ஆச்சரியமாக இருக்கும். இருவரும் தன் பெயரை எழுதிய படிகளில் அதிகாரத்துக்கான இழுபறி இருக்கும். இருவரும் மற்றவர் பெயரை எழுதிய படிகள்தான் ஆபத்தானவை. அங்கே வேலை செய்ய யாருமே இல்லை என்று அர்த்தம்.

அச்சு மை | ஜூன் 4, இரவு 9.00

அச்சுக்கூடத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஒப்புதலுக்குப் பின் வரும் திருத்தம் என்பதை ஒரே படியாக எழுதாதீர்கள். திருத்தம் வந்தது என்று சொல்வது ஒரு வேலை, ஓடிக்கொண்டிருக்கும் வேலைச் சீட்டை நிறுத்துவது இன்னொரு வேலை. உங்கள் கதையில் முதல் வேலை நடந்திருக்கிறது, இரண்டாவது நடக்கவில்லை. பிளேட் எடுப்பதற்கு முன், ஒப்புதல் பெற்ற கோப்பும் கையிலுள்ள கோப்பும் ஒன்றுதானா என்று யார் பார்க்கிறார்கள் என்பதையும் தனிப் படியாக எழுதுங்கள்.

பேரேடு | ஜூன் 5, காலை 8.10

இவ்வளவு எழுதிக் கொடுப்பது ஆபத்து. நாளை இழப்பைப் பற்றிப் பேசும்போது, "இந்தப் படிக்கு நான்தான் பொறுப்பு என்று நீயே எழுதியிருக்கிறாய்" என்று அந்தத் தாளையே நீட்டுவார்கள். உரிமைகளுக்குப் பாதகமின்றி என்ற வாசகத்தை அஞ்சலின் தலையில் போட்டுவிடுங்கள். பிறகு யாரும் எதையும் பயன்படுத்த முடியாது.

சமரசம் | ஜூன் 5, காலை 9.35

அச்சம் நியாயமானது, மருந்துதான் போதாது. அந்த வாசகம் பொதுவாக ஒரு தகராறைத் தீர்ப்பதற்காக முன்வைக்கும் யோசனைகளுக்கும் விட்டுக்கொடுப்புகளுக்கும்தான் காப்பளிக்கும், அதன் எல்லை நாட்டுக்கு நாடு மாறும். வேறு வழியில் நிறுவக்கூடிய உண்மைகளை அது மறைத்துவிடாது. தலையில் அதைப் போட்டுவிட்டதால் அடியில் எதை எழுதினாலும் பாதுகாப்பு என்று நினைப்பதும் தவறு. தவிர, அந்த வாசகத்தைப் பார்த்ததும் இருவரும் வழக்கறிஞரைத்தான் நினைப்பார்கள்.

எளிய சொற்களில் ஒரு வாக்குறுதியாக எழுதலாம்: "இந்தத் தாளில் எழுதுவதையோ அழைப்பில் சொல்வதையோ இழப்பைப் பற்றிய பேச்சில் யாரும் மேற்கோளாகக் காட்டுவதில்லை என்று மூவரும் ஏற்கிறோம்." நீதிமன்றத்தில் அதன் வலிமை என்ன என்பதை உள்ளூர் வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். மூவருக்கிடையில் அது போதுமான வலிமை உள்ளது.

ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். பொறுப்புப் பிரிவுக்காக அதைப் பார்ப்பதில் பயனில்லை என்றாலும், தகராறு வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும், யாருக்கு எத்தனை நாளில் அறிவிப்புத் தர வேண்டும், வேலைப் பிரிவை மாற்ற மூவரும் சம்மதிக்க வேண்டுமா, பெரும்பான்மை போதுமா என்பதற்காக அதைப் பார்த்தே ஆக வேண்டும். அழைப்பில் இருவர் ஏற்று ஒருவர் மறுத்தால் என்னவாகும் என்பதை அழைப்புக்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். அங்கே பேரேடு சொன்னது முழுக்கச் சரி.

மூன்றாம் பங்காளி | ஜூன் 5, இரவு 10.15

ஒப்பந்தத்தின்படி வேலைப் பிரிவை மாற்ற மூவரின் சம்மதமும் வேண்டும். இன்று மாலை இருவரிடமும் பேசிவிட்டு இந்த அஞ்சலை அனுப்பினேன்.

> தலைப்பு: ஆர்டர் படிகளில் பொறுப்புப் பிரிவு: மூவரும் பேச ஓர் அழைப்பு
>
> இருவருக்கும் வணக்கம்.
>
> இனி வரும் ஆர்டர்களில் எந்தப் படிக்கு யார் பொறுப்பு என்பதை நம் மூவரும் சேர்ந்து முடிவு செய்து எழுதி வைத்துக்கொள்ள, ஐம்பது நிமிட அழைப்பு ஒன்றை முன்மொழிகிறேன். செவ்வாய் காலை 10 மணி அல்லது புதன் மாலை 5 மணி, இரண்டில் எது உங்களுக்கு ஏற்றது என்பதை மட்டும் ஞாயிறுக்குள் தெரிவித்தால் போதும்.
>
> ஒன்பது படிகள் அடங்கிய தாள் ஒன்றை இணைத்திருக்கிறேன். ஒவ்வொரு படிக்கும் இன்றைய நடைமுறையில் யார் பொறுப்பு என்று நீங்கள் கருதுகிறீர்களோ அந்தப் பெயரை எழுதி, எனக்கு மட்டும் திங்கள் மாலைக்குள் அனுப்புங்கள். காரணங்களை எழுத வேண்டியதில்லை. இரண்டு தாள்களையும் ஒன்றாக்கி அழைப்பின் தொடக்கத்தில் இருவருக்கும் ஒரே நேரத்தில் காட்டுவேன்.
>
> தாளில் எழுதுவதையும் அழைப்பில் சொல்வதையும் வேறு எந்தப் பேச்சிலும் யாரும் மேற்கோளாகக் காட்டுவதில்லை என்ற புரிதலோடு பேசுவோம். அழைப்பைப் பதிவு செய்யப்போவதில்லை. எடுத்த முடிவுகளை மட்டும் அன்றே நான் எழுதி அனுப்புகிறேன், இருவரும் ஏற்ற பிறகே அவை நடைமுறைக்கு வரும்.

விற்பனைக் கூட்டாளியிடமிருந்து கால்மணி நேரத்தில் "செவ்வாய்" என்று ஒரு சொல்லில் பதில் வந்துவிட்டது. மற்றவரிடமிருந்து இதுவரை எதுவும் இல்லை.

மூன்றாம் பங்காளி | ஜூன் 6, இரவு 7.45

அச்சுக்கூடக் கூட்டாளியின் பதில் வந்தது, அனைவருக்கும் சேர்த்து. மிக நீளமானது, பெட்டிகள் அச்சான வாரத்தின் ஒவ்வொரு நாளும் அதில் இருக்கிறது. கடைசி வரி இது: "இழப்பைப் பற்றிப் பேசாத எந்த அழைப்புக்கும் நான் வருவதாக இல்லை." அதைப் பார்த்த விற்பனைக் கூட்டாளி தானும் பதில் எழுதப்போவதாகச் சொல்கிறார். எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

விலகியவர் | ஜூன் 6, இரவு 8.30

அவர் கேட்பதில் தவறு என்ன இருக்கிறது? நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். எதிர்காலத்தைப் பற்றி மட்டும் பேசுவோம் என்று சொல்கிறவர் வழக்கமாக இறந்தகாலத்தில் தனக்குச் சாதகமாக எதையோ வைத்திருப்பவர்தான்.

சமரசம் | ஜூன் 6, இரவு 9.50

விலகியவர் சொல்வதை ஏற்கிறேன், என் முந்தைய யோசனையையும் அதற்கேற்பத் திருத்துகிறேன். இழப்பை இந்த அஞ்சலில் தொட வேண்டாம் என்று சொன்னேன். தொடாமல் விட்டது, அது என்றைக்குமே பேசப்படாது என்று அவருக்குப் பட்டிருக்கிறது. இந்த அழைப்பில் அதைப் பேசாமல் இருப்பது இப்போதும் சரி என்றே நினைக்கிறேன், ஆனால் எப்போது, யார் முன்னிலையில் பேசுவோம் என்பதற்கு ஒரு தேதி தேவை. ஒத்திவைத்த விஷயத்துக்கு நாள் குறித்துவிட்டால் அது நிகழ்ச்சி நிரலாகும், நாள் குறிக்காவிட்டால் மறைத்ததாகும்.

அவருடைய நீண்ட அஞ்சலின் எந்த வரிக்கும் பதில் எழுதாதீர்கள். இருவருக்குமாக ஐந்தாறு வரிகளில் ஓர் அஞ்சல் போதும். அதற்கு முன் அவரைத் தனியே அழைத்து ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: இழப்பைப் பேசும் நாளில் என்ன கையில் இருந்தால் அந்தப் பேச்சு நியாயமாக நடக்கும் என்று அவர் நினைக்கிறார்?

மூன்றாம் பங்காளி | ஜூன் 7, பகல் 12.20

கேட்டேன். நான் எதிர்பார்த்தது வேறு. யார் தவறு என்பதைவிட, அந்த இழப்பு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதில்தான் அவருக்குக் கவலை. காகிதமும் மையும் கூலியும் மட்டுமா, வாடிக்கையாளருக்குத் தர ஒப்புக்கொண்ட விலைக் குறைப்பும் சேருமா என்று கேட்டார். விலைக் குறைப்பைத் தன்னிடம் கேட்காமல் விற்பனைக் கூட்டாளி ஒப்புக்கொண்டார் என்பதுதான் அவருடைய ஆழ்ந்த மனத்தாங்கல். இத்தனை அஞ்சல்களில் அது ஒருமுறைகூட இப்படி வெளிப்படையாக வரவில்லை.

இருவருக்கும் இதை அனுப்பினேன்:

> பெட்டிகளின் இழப்பைப் பற்றித் தனியாக ஓர் அழைப்பு வைப்போம், அதற்கு அடுத்த வாரம் வெள்ளி காலை 11 மணி. காகிதம், அச்சு, கூலி, விலைக் குறைப்பு ஆகியவற்றைத் தனித்தனியாகக் காட்டும் கணக்கு ஒன்றை அதற்கு இரண்டு நாள் முன்பே இருவருக்கும் அனுப்புகிறேன். செவ்வாய் அழைப்பில் படிகளை மட்டும் பேசுவோம். செவ்வாய் முடிவு எதுவாக இருந்தாலும் வெள்ளி அழைப்பு நடக்கும். வரும் அஞ்சல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன், அவற்றுக்கு அஞ்சலில் பதில் வேண்டாம் என்று இருவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

இருவரும் செவ்வாய்க்கு ஒத்துக்கொண்டார்கள் என்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் இன்னும் ஒருவர்தான் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

பேரேடு | ஜூன் 7, மாலை 5.40

அந்தக் கணக்கை நீங்கள் தயாரிக்க வேண்டாம். உங்களுக்கும் 10 விழுக்காடு இருக்கிறது, இழப்பில் ஒரு பகுதி உங்கள் கணக்கிலும் விழும். அழைப்பை நடத்துவதும் நீங்கள், கணக்கைப் போடுவதும் நீங்கள் என்றால் இருவரில் ஒருவர் அதைச் சுட்டிக்காட்டாமல் விடமாட்டார். வெளியாள் ஒருவர் கணக்குப் போடட்டும். என்னைக் கேட்டால் அழைப்பையே வெளியாள்தான் நடத்த வேண்டும்.

சமரசம் | ஜூன் 7, இரவு 7.00

கணக்கைப் பற்றிச் சொன்னது சரி. அழைப்பைப் பற்றி நான் ஒத்துக்கொள்ளவில்லை. சிறிய நிறுவனத்தில் வேலைப் பிரிவைப் பேச வெளியாள் வந்தால், விஷயம் கைமீறிவிட்டது என்று ஊழியர்களும் வாடிக்கையாளர்களும் நினைத்துக்கொள்வார்கள். படிகளைத் தெரிந்தவர் நடத்துவதே நல்லது, ஆனால் தன் பங்கை அவர் அழைப்பின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

அழைப்பில் ஒரே தாள்தான் இருக்க வேண்டும், அதில் எழுதுபவரும் நீங்கள் மட்டுமே. 1978 செப்டம்பரில் கேம்ப் டேவிடில் எகிப்தின் அன்வர் சதாத்தையும் இஸ்ரேலின் மெனாகெம் பெகினையும் பதின்மூன்று நாள் வைத்துப் பேசியபோது, அன்றைய அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டரின் குழு இருவரின் வரைவுகளையும் மோதவிடவில்லை. தாங்களே ஒரு வரைவை எழுதி, இருவரின் குறைகளையும் கேட்டுக் கேட்டுத் திருத்தினார்கள். அது இருபத்து மூன்று வரைவுகள் வரை போனது. தன் வரைவைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் இல்லாதபோது மனிதர்கள் குறையை மட்டும் சொல்வார்கள், குறையைச் சரிசெய்ய முடியும்.

மூன்றாம் பங்காளி | ஜூன் 10, இரவு 9.30

அழைப்பு நடந்தது. ஐம்பது நிமிடம் என்று சொன்னது எழுபதைத் தாண்டியது.

தாள்களை ஒன்றாக்கிக் காட்டியபோது சிறிது நேரம் யாரும் பேசவில்லை. விலை சொல்வது, வடிவமைப்பு, புரூஃப் அனுப்பி ஒப்புதல் வாங்குவது, அச்சும் வெட்டும், தரம் பார்த்து அனுப்புவது ஆகிய ஐந்திலும் இருவரும் ஒரே பெயரை எழுதியிருந்தார்கள். டெலிவரி தேதி தருவதில் இருவரும் தன் பெயரை எழுதியிருந்தார்கள். மீதி மூன்றிலும், அதாவது ஒப்புதலுக்குப் பின் திருத்தம் வந்தால் வேலையை நிறுத்துவது, பிளேட்டுக்கு முன் கோப்பை ஒப்பிடுவது, புகாருக்குப் பதில் சொல்வது ஆகியவற்றில் இருவரும் மற்றவர் பெயரை எழுதியிருந்தார்கள். சமரசம் அவர்கள் சொன்னபடியே முதல் இரண்டும்தான் பெட்டிகள் திரும்பி வரக் காரணமான இடங்கள்.

அந்த மூன்றும் அரைமணிக்குள் முடிந்தன. திருத்தம் வந்தால் பழைய ஒப்புதலை எழுத்தில் ரத்து செய்து வேலைச் சீட்டை நிறுத்துவது விற்பனைக் கூட்டாளியின் பொறுப்பு. வடிவமைப்பாளருக்கு மட்டும் அனுப்பும் அஞ்சல் இனிச் செல்லாது. ஒப்புதலிலும் வேலைச் சீட்டிலும் கோப்பின் பதிப்பு எண் இருக்க வேண்டும், இரண்டும் ஒத்திருந்தால்தான் பிளேட் எடுக்கலாம், அதைப் பார்ப்பது அச்சுக்கூடக் கூட்டாளியின் பொறுப்பு. புகார் வந்தால் வாடிக்கையாளரிடம் பேசுவது விற்பனைக் கூட்டாளி, ஆனால் விலைக் குறைப்புத் தருவதாக இருந்தால் அச்சுக்கூடக் கூட்டாளியின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அந்தக் கடைசி நிபந்தனையை விற்பனைக் கூட்டாளியே முன்வந்து சொன்னார். மற்றவர் அதற்கு நன்றி சொல்லவில்லை, ஆனால் அதற்குப் பிறகு அவர் குரல் தணிந்துவிட்டது.

டெலிவரி தேதியில்தான் நேரம் கரைந்தது. வாடிக்கையாளர் எதிரே நிற்கும்போது தேதி சொல்லாமல் ஆர்டர் வாங்க முடியாது என்கிறார் ஒருவர். தன்னைக் கேட்காமல் தரும் தேதிக்குத் தன் ஆட்களை இரவெல்லாம் நிறுத்த முடியாது என்கிறார் மற்றவர். முடிவு வரவில்லை. மாத இறுதி வரை புதிய வடிவமைப்புகளுக்கு மட்டும் அச்சுக்கூடத்தின் தேதியை வாங்கிக்கொண்டு பேசுவது என்றும், மறு அச்சுக்குப் பழைய வழக்கமே தொடரும் என்றும் தற்காலிகமாக வைத்திருக்கிறோம்.

முடிவுகளை எழுதி இரவு எட்டு மணிக்கு அனுப்பினேன். யார் என்ன சொன்னார்கள் என்பதை எழுதவில்லை, எந்தப் படி யாருடையது, எந்த நாளிலிருந்து என்பது மட்டும். விற்பனைக் கூட்டாளி ஏற்றுவிட்டார்.

அச்சு மை | ஜூன் 10, இரவு 10.05

மறு அச்சை விதிவிலக்காக விட்டிருக்கிறீர்கள், அங்கேதான் மீண்டும் மாட்டிக்கொள்வீர்கள் என்று அஞ்சுகிறேன். மறு அச்சு என்று சொல்லி ஒரு வரியை மாற்றிக் கேட்கும் வாடிக்கையாளர்கள் நிறைய. ஒரு எழுத்து மாறினாலும் அது புதிய வடிவமைப்பு என்று தாளில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

மூன்றாம் பங்காளி | ஜூன் 11, காலை 7.50

சேர்த்து மீண்டும் அனுப்பிவிட்டேன், சேர்த்த வரியைத் தனியே சுட்டிக்காட்டி. அச்சுக்கூடக் கூட்டாளி அதற்கு மட்டும் "சரி" என்று பதில் எழுதியிருக்கிறார், மற்ற முடிவுகளைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. இன்று பகலில் அவரிடம் நேரில் கேட்கப் போகிறேன். வெள்ளிக்கிழமைக் கணக்கை வெளித் தணிக்கையாளர் ஒருவரிடம் ஒப்படைக்க இருவரும் ஒத்துக்கொண்டார்கள், வேலைச் சீட்டுகளின் நகல்களை இன்றே அவருக்கு அனுப்ப வேண்டும்.